கேஷ் ஒருத்தர், புக் ஒருத்தர், கையெழுத்து ஒருத்தர்: மூணு பேர் அக்கவுண்ட்ஸ் டீமை எப்படிப் பிரிக்கிறது?

சேமிப்பு, லோன், வரின்னு நம்ம சொந்தக் காசைப் பத்திதான் இங்க வழக்கமா பேசுவோம். இன்னைக்குப் பேசப்போறது கம்பெனி காசு. ஆனா அது உங்க கை வழியா போற காசு. அதுல கணக்கு இடிச்சா முதல்ல மாட்டுறது உங்க வேலையும் உங்க பேரும்தான்.

ஓசூர் சிப்காட்ல ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டை மனசுல வச்சுக்குங்க. இது கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிற உதாரணம்தான். எண்பது தொழிலாளர்கள். பெரிய வண்டி கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் சப்ளை. கம்பிச் சரக்கு உள்ளே வரும், கடைசல் ஆகும், பிளேட்டிங்குக்கு பொம்மசந்திரா போகும், திரும்பி வரும், டெலிவரி ஆகும். முதலாளி குடியிருப்பது பெங்களூரு. அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி தினமும் வர முடியாது, வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார். அக்கவுண்ட்ஸ்ல மூணே பேர்: ஒரு மேனேஜர், ஒரு அக்கவுண்டன்ட், ஒரு கேஷியர்.

இந்த மாதிரி இடத்துல வழக்கமா நடக்கிறது இதுதான். முதலாளி திங்கட்கிழமை வரும்போது பத்து செக்குல வெறுமனே கையெழுத்துப் போட்டுட்டுப் போவார். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு மேனேஜர்கிட்ட இருக்கும், ஓடிபி வர்ற சிம்மும் அவர் டிராயர்லயே இருக்கும். டேலியில மூணு பேருக்கும் ஒரே லாகின். கேஷியர் லீவு போட்டா அக்கவுண்டன்ட் பெட்டியைத் திறப்பார், என்ட்ரியும் அவரே போடுவார். யாரும் கெட்டவங்க இல்லை. வேலை நடக்கணுமேன்னு செய்யறதுதான் எல்லாம். ஆனா ஒரு நாள் 45,000 ரூபாய் இடிச்சா, யார் எடுத்தாங்கன்னு சொல்லவே முடியாது. அதைவிட மோசம், யார் எடுக்கலைன்னும் சொல்ல முடியாது.

பிரிக்க வேண்டியது ஆளை இல்லை, வேலையை

ஒரு ரூபாய் கம்பெனியை விட்டு வெளியே போகணும்னா நாலு வேலை நடக்கணும். ஒண்ணு, "இதைக் கொடுக்கலாம்"னு அனுமதிக்கிறது. ரெண்டு, பணத்தைக் கையில வச்சிருந்து கொடுக்கிறது. மூணு, புத்தகத்துல எழுதுறது. நாலு, எழுதினதும் இருக்கிறதும் ஒண்ணா இருக்கான்னு சரிபார்க்கிறது.

இந்த நாலுல எந்த ரெண்டு சேர்ந்தா ஆபத்துன்னு புரிஞ்சா போதும், மீதியை நீங்களே யோசிச்சுடலாம். பணமும் புத்தகமும் ஒரே கையில இருந்தா, எடுத்ததை எழுதி மறைக்கலாம். அனுமதியும் பணமும் ஒரே கையில இருந்தா, தனக்குத் தானே கொடுத்துக்கலாம். அனுமதியும் புத்தகமும் ஒரே கையில இருந்தா, இல்லாத சப்ளையருக்கு பில் உருவாக்கி அவரே பாஸ் பண்ணலாம். சரிபார்ப்பு எந்தக் கையில இருக்கோ, அந்தக் கையின் தப்பு வெளியே வரவே வராது.

ஒரே கையில எல்லாம் இருந்தா என்ன ஆகும்? டிக்ஸன் கதை

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல டிக்ஸன்னு ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 16,000. அந்த ஊர் நகராட்சியோட கணக்கை 1983-லேர்ந்து பார்த்துக்கிட்டவர் ரீட்டா கிரண்ட்வெல். 1990 டிசம்பர்ல நகராட்சி பேருலயே வங்கியில ஒரு புதுக் கணக்கு ஆரம்பிச்சார். பேரைப் பார்த்தா ஏதோ நகராட்சி நிதி மாதிரி இருக்கும். ஆனா அந்தக் கணக்கை இயக்கினது அவர் ஒருத்தர்தான்.

முறை ரொம்ப எளிமையானது. மாநில அரசாங்கம் அனுப்பின மாதிரி போலி பில் தயார் பண்ணுவார். அதுக்கு நகராட்சியின் உண்மையான நிதியிலேர்ந்து "பொருளாளர்"னு பேர் போட்டு செக் எழுதுவார். பொருளாளரும் அவரேதான். அந்த செக் ரகசியக் கணக்குக்குப் போகும். புத்தகத்துல எழுதுறதும் அவர், வங்கி ஸ்டேட்மென்ட் பார்க்கிறதும் அவர், தபாலை வாங்குறதும் அவர். 22 வருஷத்துல போனது 5.3 கோடி டாலருக்கு மேல. அந்தக் காசுல அவர் கண்காட்சிக் குதிரைகளை வளர்த்தார். நகராட்சியிலயோ செலவைக் குறைக்கச் சொல்லி ஆளுங்களைச் சுருக்கிக்கிட்டு இருந்தாங்க.

எப்படி மாட்டினார்? தணிக்கையில இல்லை. வருஷா வருஷம் தணிக்கை நடந்துக்கிட்டுதான் இருந்தது. 2011-ல அவர் நீண்ட லீவுல போனப்போ, அவர் இடத்துல வேலை பார்த்த ஒரு கிளார்க் வங்கியில எல்லா கணக்கோட ஸ்டேட்மென்டையும் கேட்டார். எல்லாமும் வந்தது, அந்த ரகசியக் கணக்கும் சேர்ந்து வந்தது. கிளார்க் மேயர்கிட்ட காட்டினார், மேயர் எஃப்பிஐக்குச் சொன்னார். 2012 ஏப்ரல்ல கைது. 2013 பிப்ரவரியில 19 வருஷம் 7 மாசம் சிறைத் தண்டனை.

இதுல ஓசூர் யூனிட்டுக்கு எடுத்துக்க வேண்டியது ரெண்டு. அவர் திறமைசாலின்னு எல்லாரும் நம்பினதால நாலு வேலையும் அவர்கிட்டயே சேர்ந்தது. அந்த நாலாவது வேலை, அதாவது வங்கி ஸ்டேட்மென்டைப் பார்க்கிறது, வேறொரு கைக்கு ஒரே ஒரு முறை போனதும் 22 வருஷ ரகசியம் உடைஞ்சது.

நாலு வேலை, மூணு பேர்: எப்படிப் பங்கு போடுறது?

பெரிய கம்பெனியில நாலு வேலைக்கு நாலு துறை இருக்கும். நம்மகிட்ட மூணு பேர். அதனால ஒருத்தர்கிட்ட ரெண்டு வேலை சேரத்தான் செய்யும். எந்த ரெண்டு சேர்ந்தா சேதம் குறைவுன்னு பார்க்கணும். நான் சொல்ற பங்கு இது:

| வேலை | கேஷியர் | அக்கவுண்டன்ட் | மேனேஜர் |
|---|---|---|---|
| கேஷ் பெட்டி, செக் புக் | வச்சிருப்பார் | தொடமாட்டார் | தொடமாட்டார் |
| நெட் பேங்கிங் | பேமென்ட் தயார் பண்ணுவார் | பார்க்க மட்டும் | ஒப்புதல் கொடுப்பார் |
| டேலி என்ட்ரி | பார்க்க மட்டும் | போடுவார் | பார்க்க மட்டும் |
| பில், வவுச்சர் அனுமதி | இல்லை | இல்லை | கையெழுத்து |
| கேஷ் எண்ணிப் பார்ப்பது | கூட இருப்பார் | எண்ணுவார் | கையெழுத்து |
| வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது | இல்லை | தயார் பண்ணுவார் | சரிபார்ப்பார் |

என்ட்ரி போடுறவரே வங்கியோட ஒத்துப் பார்க்கலாமான்னு நீங்க கேட்பீங்க. சரியான கேள்வி. கூடாதுன்னுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனா இங்க அக்கவுண்டன்டால பணத்தைத் தொட முடியாது, செக் எழுத முடியாது, பேமென்ட் அனுப்ப முடியாது. அவர் தப்பா எழுதினாலும் காசு அவர் பாக்கெட்டுக்குப் போக வழி இல்லை. அதனால மூணு பேர்ல இந்தச் சேர்க்கைதான் ஆபத்து குறைஞ்சது. அந்த மீதி ஓட்டையை அடைக்கத்தான் முதலாளி வேணும், அதுக்குக் கடைசியில வர்றேன்.

நெட் பேங்கிங்ல ஒருத்தர் தயார் பண்ணி இன்னொருத்தர் ஒப்புதல் கொடுக்கிற வசதி, அதாவது மேக்கர்-செக்கர், கார்ப்பரேட் கணக்குகளுக்கு வங்கிகள் கொடுக்கிறதுதான். நிறைய சின்ன யூனிட்ல அதைக் கேட்டு வாங்குறதே இல்லை. ஒரே ஐடியில வேலை செய்யறது சுலபம்னு விட்டுடறாங்க. வங்கிக் கிளையில ஒரு விண்ணப்பம் கொடுத்து ரெண்டு ஐடியாப் பிரிச்சாலே இந்த அட்டவணையில பாதி வேலை முடிஞ்சுடும்.

கேஷ் பெட்டி: 750 ரூபாயை என்ன பண்றது?

லோடிங் கூலி, டெம்போ வாடகை, டீ, ஸ்டேஷனரி, அவசரத்துக்கு ஒரு பேரிங்: இதுக்கெல்லாம் பெட்டி கேஷ் வேணும். இதை ஒரு நிலையான தொகையா வைங்க. நம்ம உதாரணத்துல 40,000 ரூபாய். விதி ஒண்ணே ஒண்ணு: பெட்டியில இருக்கிற காசும், இன்னும் திரும்ப நிரப்பாத வவுச்சர்களும் கூட்டினா எந்த நேரமும் 40,000 வரணும். வாரக் கடைசியில வவுச்சர் தொகை எவ்வளவோ அவ்வளவுதான் வங்கியிலேர்ந்து எடுத்து நிரப்பணும், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அக்கவுண்டன்ட் எண்றார், கேஷியர் பக்கத்துல இருக்கார். 500 ரூபாய் நோட்டு 14, அதாவது 7,000. 200 ரூபாய் 12, அது 2,400. 100 ரூபாய் 15, அது 1,500. 50 ரூபாய் 6, 20 ரூபாய் 5, 10 ரூபாய் 5, இந்த மூணும் சேர்ந்து 450. மொத்தம் 11,350. வவுச்சர்கள் 27,900. கூட்டினா 39,250. 750 ரூபாய் குறையுது.

இந்த இடம்தான் முக்கியம். பெட்டியும் புத்தகமும் ஒரே ஆள்கிட்ட இருந்தா அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் திருட மாட்டார். "லோடிங் கூலி 750"னு ஒரு வவுச்சர் எழுதி சரிக்கட்டுவார். மேனேஜர் கேட்டா பதில் சொல்லணுமே, தன் சம்பளத்துல பிடிப்பாங்களேன்னு பயம். அன்னைக்கு சரிக்கட்டத் தெரிஞ்சவருக்கு, அடுத்த மாசம் வீட்டு வாடகை இடிக்கும்போது அதே வழி ஞாபகம் வரும். பல பெரிய கையாடல் இப்படி ஒரு சரிக்கட்டல்லதான் தொடங்குது.

பிரிச்சு வச்ச டீம்ல அது முடியாது. எண்ணினவர் வேற, அதனால குறைஞ்சது குறைஞ்சதுதான்னு எண்ணிக்கைச் சீட்டுல 750 எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறாங்க. தேடிப் பார்த்தா, புதன்கிழமை டிரைவர் அவசரமா கிளம்பும்போது வாங்கின அட்வான்ஸ் 750. துண்டுச் சீட்டு பெட்டிக்கு அடியில கிடக்கு. கிடைச்சிடுச்சு, விஷயம் முடிஞ்சது. இனிமேல் அட்வான்ஸும் வவுச்சரா எண்ணப்படும், மறு நாளைக்குள்ள பில் வரணும்னு ஒரு பழக்கம் வச்சுக்கலாம். சீட்டு கிடைக்கலைன்னா "கேஷ் குறைவு"ன்னு தனி கணக்குத் தலைப்புல மேனேஜர் கையெழுத்தோட எழுதணும். கூலிங்கிற பேர்ல ஒளிக்கக் கூடாது. ஒரு வருஷத்துல அந்தத் தலைப்பு எவ்வளவு வளருதுன்னு பார்த்தாலே பெட்டியோட ஆரோக்கியம் தெரிஞ்சுடும்.

எதைக் கவனிச்சா தப்பு தெரியும்? வெள்ளிக்கிழமை எண்ணுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால வியாழன் ராத்திரி கடன் வாங்கி நிரப்பி வைக்கலாம். மாசத்துல ஒரு முறை சொல்லாம, செவ்வாய்க்கிழமை காலையில எண்ணுங்க. அப்புறம் முழு ரூபாய்ல முடியற கூலி வவுச்சர்கள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து சாயல். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 6,000, 4,500னு உடைச்ச வவுச்சர்களையும் பாருங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா, வருமான வரியில அந்தச் செலவை பொதுவா கழிக்க விடமாட்டாங்க. உடைச்சாலும் அந்த நாளோட மொத்தம்தான் கணக்கு.

பொம்மசந்திரா பில்: எல்லை தாண்டினா நமக்கு ஒரு சாட்சி

இப்ப பெரிய தொகைக்கு வருவோம். பிளேட்டிங் ஜாப் ஒர்க் பில் 45,000 ரூபாய்னு ஒண்ணு மேஜைக்கு வருது. இது உண்மையான பில்லா? அங்க போய்ப் பார்க்க மூணு பேருக்கும் நேரம் இல்லை.

இங்க நம்ம இடமே ஒரு உதவி பண்ணுது. ஓசூர் தமிழ்நாடு, பொம்மசந்திரா கர்நாடகா. ஜிஎஸ்டி விதிப்படி, ஒரு மாநிலத்துலேர்ந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு சரக்கு அனுப்பினா, மதிப்பு எவ்வளவு கம்மியா இருந்தாலும் இ-வே பில் எடுத்தே ஆகணும். சாதாரண சரக்குக்கு இருக்கிற 50,000 ரூபாய் வரம்பு இதுக்குக் கிடையாது. அதாவது சரக்கு உண்மையிலேயே எல்லை தாண்டியிருந்தா, அரசாங்க போர்ட்டல்ல தேதி, வண்டி நம்பரோட ஒரு பதிவு இருக்கும். அதை டெஸ்பாட்ச் ஆளுங்கதான் எடுக்கிறாங்க. அக்கவுண்ட்ஸ் மூணு பேர் கையில அது இல்லை.

பில் நடக்க வேண்டிய பாதை இது. டெஸ்பாட்ச் ஆள் டெலிவரி சலானும் இ-வே பில்லும் போடுறார். சரக்கு திரும்பினதும் ஸ்டோர்ஸ் எண்ணி வரவுச் சீட்டு போடுறார். பில் வந்ததும் அக்கவுண்டன்ட் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறார்: சலான்ல 3,000 பீஸ், வரவுச் சீட்டுல 2,960, பில்லுல 3,000. ஏன் 40 அதிகம்? ரிஜெக்ட் ஆன 40 பீஸுக்கும் கூலி போட்டிருக்காங்களான்னு கேட்டு, சரியான தொகைக்கு மாத்தி, அப்புறம்தான் டேலியில ஏத்துறார். மேனேஜர் அந்த மூணு தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போடுறார். கேஷியர் நெட் பேங்கிங்ல பேமென்ட் தயார் பண்றார், மேனேஜர் தன் ஐடியில, தன் போனுக்கு வர்ற ஓடிபியில ஒப்புதல் கொடுக்கிறார்.

மேனேஜரே போலி பில் போட்டா? அதுக்கு என்ட்ரி போட அக்கவுண்டன்ட் வேணும். அக்கவுண்டன்ட் சலான் எங்கன்னு கேட்பார். மாசக் கடைசியில இன்னொரு வடிகட்டியும் இருக்கு. சப்ளையர் ஜிஎஸ்டி பதிவு செஞ்சவரா இருந்து ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா, அந்த பில் நம்ம ஜிஎஸ்டிஆர்-2பியில வரும். புத்தகத்துல இருக்கிற பில் அங்க ரெண்டு மூணு மாசமா வரலைன்னா, சப்ளையர் சோம்பேறியா இருக்கலாம், இல்லைன்னா அந்த பில்லே பொய்யா இருக்கலாம். ரெண்டுல எதுன்னு கேட்கிற உரிமை அக்கவுண்டன்டுக்கு இருக்கு.

இந்தப் பாதையில பலரும் விடுற ஓட்டை ஒண்ணு: சப்ளையரோட வங்கிக் கணக்கு நம்பர் மாத்துறது. "எங்க கணக்கு மாறிடுச்சு, இனி இதுல போடுங்க"ன்னு ஒரு மெயில் வரும். கேஷியர் மாத்திடுவார். மெயில் சப்ளையர்கிட்டேர்ந்து வரவே இல்லைன்னு அடுத்த மாசம் அவர் பணம் கேட்கும்போது தெரியும். விதி சுலபம். மெயில்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. ஏற்கனவே நம்மகிட்ட இருக்கிற பழைய நம்பருக்கு மேனேஜர் பேசி உறுதிப்படுத்தணும். கேன்சல் செக் வாங்கணும். மாத்துறது கேஷியர், ஒப்புதல் மேனேஜர்.

ஸ்கிராப்: வரவுல இருக்கிற ஓட்டை

செலவைப் பூட்டிட்டு வரவை மறந்துடக் கூடாது. மெஷினிங் யூனிட்ல கடைசல் தூள் விக்கிறதுதான் ரொக்கம் புழங்கற வரவு. வண்டி எடை மேடையில 1,840 கிலோ காட்டுது, ஆபீஸ்ல 1,480ன்னு எழுதப்படுது. கிலோ 30 ரூபாய்னு வச்சுக்கிட்டா 10,800 ரூபாய் அங்கேயே காணாம போகுது. புத்தகத்துல வராத காசு இது, அதனால எந்த வவுச்சரைப் புரட்டினாலும் தெரியாது.

தடுக்கிற வழி, எடைச் சீட்டோட ஒரு பிரதி செக்யூரிட்டி கேட்லேர்ந்து நேரா அக்கவுண்டன்டுக்குப் போறது. கேஷியர் வழியா இல்லை. பணம் வங்கிக் கணக்குக்கு மட்டும் வாங்குறது. அதுக்கு மேல மாசத்துக்கு ஒரு கணக்கு: 10,000 கிலோ கம்பி செலவாச்சு, அதுல செஞ்ச பார்ட்ஸோட எடை 7,600 கிலோ. அப்போ தூளும் துண்டும் ரிஜெக்டும் சேர்ந்து 2,400 கிலோவுக்குப் பக்கத்துல இருக்கணும். வித்தது 1,900, யார்டுல கிடக்கிறது 100ன்னா, மீதி 400 கிலோ எங்கன்னு கேட்கலாம். பதில் நியாயமாவும் இருக்கலாம். கேள்வி கேட்கப்படும்னு தெரிஞ்சாலே எடைச் சீட்டு ஒழுங்கா வரும்.

ஒருத்தர் லீவு போட்டா?

மூணு பேர் டீம் உடையறது இங்கதான். உகாதிக்கு ஒருத்தர் ஊருக்குப் போவார், பொங்கலுக்கு ஒருத்தர், சந்திரசூடேஸ்வரர் தேருக்கு ஒருத்தர் பாதி நாள் இருக்க மாட்டார். அன்னைக்கு மட்டும் பரவாயில்லைன்னு எல்லாத்தையும் ஒருத்தர் பார்ப்பார். அந்த "அன்னைக்கு மட்டும்" மாசத்துல அஞ்சு நாள் ஆகும்.

கேஷியர் லீவுன்னா, முந்தின நாள் சாயங்காலம் பெட்டியை எண்ணி, சீட்டுல கையெழுத்து வாங்கி, அக்கவுண்டன்ட்கிட்ட ஒப்படைங்க. பெட்டி கையில இருக்கிற நாள்ல அக்கவுண்டன்ட் கேஷ் என்ட்ரி போடக் கூடாது. வவுச்சர் சேரட்டும், கேஷியர் திரும்பி வந்து, பெட்டியை எண்ணி வாங்கின அப்புறம் என்ட்ரி போட்டா போதும். ரெண்டு நாள் என்ட்ரி தள்ளிப் போனா எதுவும் கெட்டுப் போகாது. அக்கவுண்டன்ட் லீவுன்னா இன்னும் சுலபம்: என்ட்ரி காத்திருக்கட்டும். மேனேஜர் லீவுன்னா ஒப்புதல் முதலாளிக்குப் போகணும். பெங்களூருலேர்ந்தே தன் ஐடியில அவர் கொடுக்கலாம். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யார்கிட்டயும் கொடுத்துட்டுப் போற பழக்கம் மட்டும் வேண்டாம்.

லீவே போடாத ஆளைப் பத்தியும் யோசிங்க. டிக்ஸன்ல உடைஞ்சது லீவுலதான். நம்ம ரிசர்வ் வங்கியும், முக்கியமான பொறுப்புல இருக்கிற வங்கி ஊழியர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாம, தொடர்ந்து குறைஞ்சது 10 வேலை நாள் லீவுல போகணும்னு வச்சிருக்கு. நம்ம யூனிட்ல வருஷத்துக்கு ஒரு வாரம் வேலையை மாத்திக்கிட்டாலே போதும்.

டேலியில ஆளுக்கு ஒரு லாகின் கட்டாயம். 2023 ஏப்ரல் 1-லேர்ந்து, கம்பெனியா பதிவான நிறுவனங்கள் பயன்படுத்துற கணக்கு மென்பொருள்ல, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு பதிவாகிற எடிட் லாக் இருக்கணும், அதை அணைக்கவும் முடியக் கூடாதுன்னு சட்டம். ஆனா மூணு பேரும் ஒரே லாகின்ல இருந்தா அந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை. உங்க லாகினை மத்தவங்க பயன்படுத்தினா இன்னும் மோசம்: லாக்ல நிக்கிறது உங்க பேர்.

இது எதைத் தடுக்காது?

உண்மையைச் சொல்லிடணும். மூணு பேர்ல ரெண்டு பேர் கூட்டு சேர்ந்தா இந்த அட்டவணை உடையும். மேனேஜர் அதட்டி, "என்ட்ரி போடு, அப்புறம் சலான் தர்றேன்"னு சொன்னாலும் உடையும். அதனால நாலாவது கண்ணா முதலாளி இருக்கணும். அவருக்கு நான் வைக்கிற வேலை மாசத்துக்கு அரை மணி நேரம்தான். வங்கி ஸ்டேட்மென்ட் வங்கியிலேர்ந்து நேரா அவர் மெயிலுக்கு வரணும், டீம் பிரிண்ட் எடுத்துத் தரக் கூடாது. அதுல ஏதாவது பத்து பேமென்டை அவரே தேர்ந்தெடுத்து, தாள்களைக் கொண்டு வரச் சொல்லணும். வருஷத்துக்கு ஒரு முறை, கம்பெனி பான் எண்ல இந்த வங்கியில எத்தனை கணக்கு இருக்குன்னு வங்கிக்கே கடிதம் கொடுத்துக் கேட்கணும். வெத்து செக்குல கையெழுத்துப் போடுறதை நிறுத்தணும். அது ஒண்ணு இருந்தா மேல சொன்ன எதுவும் வேலை செய்யாது.

எல்லாமே உங்க கையில இருந்தா

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். இருபத்தஞ்சு வயசு, பி.காம் முடிச்சு ரெண்டாவது வேலை. பெட்டி, டேலி, ஓடிபி சிம் எல்லாம் உங்ககிட்டதான். "உன்னைத்தான்பா நம்பறேன்"னு சார் சொல்லியிருக்கார். பெருமையாதான் இருக்கும். ஆனா காசு இடிக்கிற அன்னைக்கு, எடுக்கலைன்னு நிரூபிக்க உங்ககிட்ட ஒரு தாள் கூட இருக்காது. ஊழியர் செய்யற நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(4)-ல ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கு. குற்றம் நிரூபணம் ஆகணும்தான். ஆனா ஒரு புகார் போனாலே அடுத்த வேலைக்கு ரெஃபரன்ஸ் கிடைக்காது.

நீங்க கேட்க வேண்டியது அதிகாரம் இல்லை, சாட்சி. சார்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: "சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியை யாராவது எண்ணிக் கையெழுத்துப் போட்டா எனக்கும் நிம்மதியா இருக்கும். ஒப்புதல் ஓடிபி உங்க நம்பருக்கே வரட்டும்." திருடனைப் பிடிக்கிற பேச்சா இல்லாம உங்களைக் காப்பாத்திக்கிற பேச்சா இருக்கிறதால, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொன்னதை அன்னைக்கே ரெண்டு வரி மெயிலா அனுப்பி வைங்க. வாய்வழியா "போட்டுடு"ன்னு சொன்ன பேமென்டுக்கும் அதே மாதிரி ஒரு மெயில்: "நீங்க சொன்னபடி இன்னாருக்கு இவ்வளவு அனுப்பினேன், பில் வரணும்."

வேலையை விடும்போதும் சும்மா வெளியே வராதீங்க. பெட்டியை எண்ணி, செக் புக்குல மிச்ச இலைகளோட நம்பரைக் குறிச்சு, லாகின்களை முடக்கச் சொல்லி, வாங்கிக்கிறவர் கையெழுத்தோட ஒரு ஒப்படைப்புக் கடிதம் வாங்குங்க. அதோட ஒரு பிரதி உங்க வீட்ல இருக்கட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. ஒரு தாள்ல நாலு வேலையையும் எழுதி, உங்க ஆபீஸ்ல ஒவ்வொண்ணுக்கும் யார் பேர் வருதுன்னு பக்கத்துல எழுதுங்க. ஒரே பேர் மூணு இடத்துல வந்தா, அதுவும் அது உங்க பேரா இருந்தா, திங்கட்கிழமை முதலாளி வரும்போது அந்தத் தாளோட போய்ப் பேசுங்க.